பழைய ஆள் போன பிறகு புது ஆளைப் பார்ட்டிகளிடம் கூட்டிப்போவது

கேள்வி: பேட்டையில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறோம். ஏழு வருடமாகப் பார்ட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த சேல்ஸ்காரர் போன வாரம் வேலையை விட்டுவிட்டு தூத்துக்குடியில் இன்னொரு பெட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அவர் இடத்துக்கு மதுரைக்காரத் தம்பி ஒருவரை எடுத்திருக்கிறேன். மொத்தம் 42 பார்ட்டி. இவரை எப்படி அறிமுகப்படுத்துவது? வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டால் போதுமா?

பதில்:

மெசேஜை இன்று சாயங்காலத்துக்குள் போட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் அதை அறிமுகம் என்று நினைக்க வேண்டாம், அது நோட்டீஸ். அறிமுகம் என்பது நீங்களும் தம்பியும் பார்ட்டியின் கடையில் போய் உட்கார்ந்து, பழைய ஆள் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போன கணக்கையெல்லாம் வாங்கிக்கொண்டு வருவது. முதலில் நோட்டீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போவது அங்கேதான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் 208-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் சார்பில் வேலை பார்த்தவரின் அதிகாரம் முடிந்துவிட்டது என்பது, வெளியாளைப் பொறுத்தவரை, அந்த வெளியாளுக்குத் தெரியவரும்போதுதான் செல்லும் என்கிறது அது. அதாவது உங்கள் ஆள் போன வாரமே நின்றுவிட்டார் என்று உங்களுக்கும் அவருக்கும் தெரியும்; சுரண்டைக் கடைக்காரருக்குத் தெரியாது. அவர் நேற்று வழக்கம்போல இவரிடம் பணம் கொடுத்திருந்தால், உங்களிடம் கொடுத்த மாதிரிதான். "அவன் எங்க ஆள் இல்லையே அண்ணாச்சி" என்று நீங்கள் பிறகு சொல்வது எடுபடாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் கிளை மேனேஜராக இருந்த ஒரு கம்பெனியில் ஒரு பையன் வேலையை விட்டான். நாங்கள் வேறு ஆள் கிடைக்கட்டும், சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் சும்மா இருந்தோம். அந்த மூன்று வாரத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் அவன் 48,000 ரூபாய் ரொக்கமாக வாங்கியிருக்கிறான். எங்கள் ரசீதுப் புத்தகம் அவன் பையிலேயே இருந்தது, அதில்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். மில்காரர் ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் வக்கீல் ஒரே நிமிடத்தில் படித்துவிட்டு, வரவு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தப்பு எங்களுடையது, நஷ்டமும் எங்களுடையது.

எனவே இன்றைய நோட்டீஸில் நான்கு விஷயம் இருந்தால் போதும். இன்ன தேதியோடு அவர் கம்பெனியில் இல்லை. இனி ஆர்டருக்கும் வசூலுக்கும் இன்னார், நம்பர் இது. பணம் கம்பெனி கரண்ட் அக்கவுண்டுக்கு மட்டும். பழைய ரசீதுப் புத்தகம் திரும்பி வரவில்லை என்றால் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை செல்லாது என்பது. இந்த நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடை இப்படி இருக்கலாம்:

"வணக்கம். எங்கள் நிறுவனத்தில் உங்கள் ஆர்டர்களைக் கவனித்து வந்தவர் 8-ஆம் தேதியுடன் பணியிலிருந்து விலகிவிட்டார். இனி உங்கள் ஆர்டர், டெலிவரி, கணக்கு எல்லாவற்றையும் இந்த எண்ணில் இருக்கும் தம்பி கவனிப்பார். இந்த மாதத்துக்குள் அவரை நானே நேரில் அழைத்து வருகிறேன். பணத்தை கம்பெனி வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்பவும். 351 முதல் 400 வரை எண்ணுள்ள ரசீதுகள் இனி செல்லாது. ஏற்கெனவே அந்த எண்களில் ரசீது வாங்கியிருந்தால் அதன் போட்டோவை அனுப்பவும், சரிபார்த்து வரவு வைக்கிறோம். நடப்பு ஆர்டர்களில் எந்த மாற்றமும் இல்லை."

பெயர்களைப் போட்டு நீங்களே உங்கள் நம்பரிலிருந்து அனுப்புங்கள். 42 பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். குரூப் உண்டாக்கி எல்லோரையும் அதில் போட்டீர்கள் என்றால் உங்கள் பார்ட்டி பட்டியலை நீங்களே அச்சடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். போனவருக்கு வேண்டியவர் ஒருவராவது அதில் இருப்பார். நீலக் குறி விழாத பார்ட்டிக்கு மறுநாள் போன் போடுங்கள். பெரிய பாக்கி உள்ள பத்துப் பேருக்கு இதையே லெட்டர்பேடில் அடித்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புவது நல்லது. தெரியப்படுத்தினோம் என்பதற்கு அத்தாட்சி கையில் இருக்கும்.

ஏன் விலகினார் என்று எழுத வேண்டாம். "அவரோடு யாரும் தொடர்பு வைக்க வேண்டாம்" என்றும் எழுத வேண்டாம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு இன்ன தொழில் செய்யக்கூடாது என்று ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தாலே அது செல்லாது. அப்புறம் நீங்கள் பார்ட்டியை மிரட்டி என்ன ஆகப்போகிறது? போனவர் ஏழு வருடம் அந்தக் கடையில் மோர் குடித்துப் பழகியவர். நீங்கள் அவரைக் குறை சொன்னால், அந்த மாதிரி ஆளையா ஏழு வருடம் எங்களிடம் அனுப்பினீர்கள் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

நோட்டீஸ் போய்விட்டது. இனி நேரில் போக வேண்டும். அதற்கு முன்னால் தம்பியை இரண்டு நாள் ஆபீஸில் உட்காரவையுங்கள், ஒரு வாரம் டெலிவரி வண்டியில் ஏற்றிவிடுங்கள். இரண்டாவது சொன்னது வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. பார்ட்டியின் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கும். பார்ட்டியின் குணம் டிரைவருக்குத்தான் தெரியும். சரக்கை எந்த வாசலில் இறக்க வேண்டும், எண்ணி வாங்குகிறவர் யார், யார் கையெழுத்துப் போட்டால் முதலாளி ஒத்துக்கொள்வார், எந்தக் கடையில் ஈரத்துக்குப் பயந்து பலகை போட்டு அடுக்குகிறார்கள், எந்தக் குடோனில் வேறு கம்பெனிப் பெட்டியும் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதே மாதிரி பில் போடும் பெண்ணிடம் கேளுங்கள்: "அண்ணன் எந்தெந்தப் பார்ட்டிக்கு பில்லைப் பிடித்து வைக்கச் சொல்வார், யாருக்கு மாசக் கடைசியில் போடச் சொல்வார்?" அவர் சொல்லும் ஆறேழு பெயரும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை.

ஆம், வரிசை முக்கியம். எல்லோரும் லைன் பார்த்துப் போவார்கள்: இன்றைக்கு அம்பை லைன், நாளைக்கு ஆலங்குளம் தென்காசி லைன், அடுத்த நாள் நாங்குநேரி வள்ளியூர் என்று. டீசல் மிச்சமாகும், சரிதான். ஆனால் முதல் வாரத்துக்கு அதை மறந்துவிட்டு, எங்கே ஏதாவது பாதியில் நிற்கிறதோ அங்கே போங்கள். ஆர்டர் கொடுத்து சரக்கு போகாமல் இருப்பவர், சரக்கில் குறை சொன்னவர், பாக்கியில் பேச்சு உள்ளவர், பழைய ஆளோடு ரொம்ப ஒட்டுதலாக இருந்தவர். 42-இல் இப்படிப் பத்துப் பன்னிரண்டு தேறும். இவர்களிடம் நீங்கள் கட்டாயம் கூடப் போக வேண்டும். மீதியில் பாதிப் பேரிடம் தம்பி தனியாகப் போனால் போதும், முந்தின நாள் நீங்கள் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை ஆயிரம் பெட்டி வாங்குகிறவருக்கு அந்த மெசேஜே போதும்.

நேரமும் பாருங்கள். போனி ஆகாத கடையில் போய்க் கணக்கு பேசக்கூடாது. பதினொரு மணிக்கு மேல் போகலாம். வெள்ளிக்கிழமை கடையிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது என்று நினைக்கும் அண்ணாச்சிமார் நம் பக்கம் இன்னும் நிறைய. அன்றைக்குப் பாக்கிப் பேச்சை எடுத்தால் அறிமுகமே கசந்துவிடும். மேலப்பாளையத்தில் வெள்ளி மதியம் ஆளே இருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தின இருபது நாள் இனிப்புக் கடைக்காரர் யாரையும் பார்க்க மாட்டார்.

இனி, நேரில் போனால் என்ன நடக்கும் என்பதை, நான் கூட இருந்து பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். தச்சநல்லூர் பக்கம் பெட்டி போடுகிற எனக்கு வேண்டிய ஒருவருக்கு உங்களுக்கு வந்த அதே நிலைமை. கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனி அவருடைய நல்ல பார்ட்டி. நவம்பர் முதல் வாரம், முதலாளியும் புதுத் தம்பியும் நானும் போனோம். கையில் லெட்ஜர் பிரிண்ட் இரண்டு காப்பி, ஒரு வெள்ளை நோட்டு. நம் கணக்கில் வரவேண்டிய பாக்கி 1,86,400.

உட்கார்ந்ததும் அண்ணாச்சி கேட்டது கணக்கைப் பற்றியில்லை. "போயிட்டாருன்னு மெசேஜ் பாத்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி அவரு." குரலில் வருத்தம்தான் இருந்தது. முதலாளி நல்லபடியாகச் சமாளித்தார். "எங்ககிட்டயும் திடீர்னுதான் சொன்னாரு அண்ணாச்சி. ஏழெட்டு வருசம் நல்லா பாத்தாரு, எங்க போனாலும் நல்லா இருக்கட்டும். இனிமே இந்தத் தம்பிதான் உங்களுக்கு." அவ்வளவுதான். தம்பியின் படிப்பு, முன் அனுபவம், எந்தப் பெரிய கம்பெனியில் இருந்தார் என்று எதையும் அவர் அடுக்கவில்லை. அப்பளக்காரருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று ஒரு கேள்வி வந்தது. உங்கள் தம்பிக்கும் வரும், அதுவும் மதுரை என்றால் இரண்டு தடவை வரும். நம் ஊரில் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரைச் சொல்லிவிட்டு நேரே பெட்டி அளவுக்கு வந்துவிடச் சொல்லுங்கள். அந்தத் தம்பி விருதுநகர் என்று சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, உங்க பெட்டி ஒன்னு பாக்கலாமா?" என்று கேட்டான். அண்ணாச்சி எழுந்து குடோனுக்கே கூட்டிக்கொண்டு போனார். அறிமுகம் நடந்தது அங்கேதான்.

குடோனில் வைத்து அவன் மூன்று கேள்வி கேட்டான். முதலாளி சொல்லிக் கொடுத்தது. பெட்டியில் உங்களுக்கு எது சரியாக இருக்கிறது, எதை மாற்றக் கூடாது? அண்ணன் உங்களுக்குச் செய்து தருகிறேன் என்று சொன்னது ஏதாவது பாக்கி இருக்கிறதா? உங்கள் புத்தகத்தில் எங்களுக்கு எவ்வளவு காட்டுகிறது? இந்த வரிசை மாறக்கூடாது. பணக் கேள்வி முதலில் வந்தால் வசூலுக்கு ஆள் வந்திருக்கிறது என்றாகிவிடும், பிறகு மற்ற இரண்டுக்கும் உண்மையான பதில் வராது.

முதல் கேள்விக்கு வந்த பதில் எந்த ஃபைலிலும் இல்லாதது. பெட்டி அளவை ஆர்டரில் உள்ளளவு என்று எழுதியிருப்பார்கள், ஆனால் பழைய ஆள் இவர்களுக்கு உயரத்தில் கால் அங்குலம் கூட்டிப் போடச் சொல்லிவிடுவாராம். அப்பளக் கட்டு சரியாக முட்டினால் மேலே உள்ளது நொறுங்கிவிடும் என்பதற்காக. அப்புறம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் மாதங்களில், மலையடிவாரம் என்பதால், கட்டுகளைப் பிளாஸ்டிக் தாள் சுற்றித்தான் அனுப்புவாராம். அட்டை ஈரத்தை இழுத்தால் பலம் போய்விடும். மூன்று பிளைப் பெட்டியை ஐந்து அடுக்கு வைத்தால் அடிப்பெட்டி உட்கார்ந்துவிடும். இந்த இரண்டும் புரொடக்‌ஷனில் இருக்கும் ஒருவருக்கு அவர் போனில் சொல்லிக்கொண்டிருந்த விஷயங்கள். அவர் போனதும் அடுத்த லோடு ஆர்டரில் எழுதியிருந்த அளவிலேயே போயிருக்கும், அப்பளம் உடைந்திருக்கும், புது ஆள் வந்ததும் தரம் போய்விட்டது என்று பெயராகியிருக்கும். நான் பார்த்தவரை, ஆள் மாறியதும் பார்ட்டி கைநழுவிப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கால் அங்குலத்தில்தான்.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளின் பதில்கள் ஒன்றாக வந்தன. அண்ணாச்சியின் புத்தகத்தில் பாக்கி 1,62,000. நமக்கும் அவருக்கும் 24,400 வித்தியாசம். இங்கே நிறையப் பேர் செய்யும் தப்பு, "எங்க லெட்ஜர் சரிதான் அண்ணாச்சி, நீங்க ஒரு தடவை பாருங்க" என்பது. முதலாளி அப்படிச் சொல்லாமல் நோட்டை எடுத்துத் தம்பியிடம் கொடுத்து, அண்ணாச்சி சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். மூன்று இனம் வந்தது.

ஒன்று, ஜூலையில் நனைந்து வந்த 300 பெட்டி. 22 ரூபாய் வீதம் 6,600. "கழிச்சிக்கிடுங்கன்னு சொன்னாரு." டிரைவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டபோது, ஆமாம், திரும்ப ஏற்றி வந்தேன் என்றார். அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு, புது லேபிளுக்குப் போட்ட பிரிண்டிங் பிளாக்கின் செலவு 4,800. பிப்ரவரி பில்லில் சேர்ந்திருந்தது. வருடத்துக்கு இத்தனை பெட்டி எடுத்தால் பிளாக் காசு வேண்டாம் என்று பழைய ஆள் வாக்குக் கொடுத்திருக்கிறார். எழுத்தில் இல்லை. முதலாளிக்கு முகம் மாறியது. ஆனால் வாங்கிய எண்ணிக்கையைப் பார்த்தால் அண்ணாச்சி சொன்ன அளவைத் தாண்டியே வாங்கியிருந்தார். முதலாளி உடனே சரி என்று சொல்லவில்லை, "புதன்கிழமைக்குள்ள தம்பி உங்களுக்குச் சொல்லிருவான்" என்று மட்டும் சொன்னார். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இப்படிப்பட்ட வாய்வாக்கில் எல்லாவற்றுக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 237-ஆம் பிரிவு, உங்கள் ஆளுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது என்று நம்பும்படி நீங்கள் நடந்திருந்தால் அவர் செய்தது உங்களைக் கட்டும் என்கிறது. ஏழு வருடம் அவர் சொன்ன தள்ளுபடியையெல்லாம் மறுபேச்சில்லாமல் பில்லில் கழித்துக்கொண்டு வந்திருந்தால், இப்போது இந்த ஒன்றுக்கு மட்டும் அவருக்கு அதிகாரமில்லை என்பது கஷ்டம்.

மூன்று, ரொக்கமாகக் கொடுத்த 13,000. அண்ணாச்சி டிராயரிலிருந்து ரசீதை எடுத்தார். கம்பெனி ரசீதுதான், பழைய ஆளின் கையெழுத்துத்தான், அவர் நிற்பதற்குப் பத்து நாள் முன் தேதி. கம்பெனி கேஷ் புக்கில் அந்த வரவு இல்லை. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. முதலாளி ரசீதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "இது எங்க ரசீதுதான் அண்ணாச்சி, வரவு வச்சிக்கிடுதேன்" என்று முடித்துவிட்டார். திருடிவிட்டான், ஏமாற்றிவிட்டான் என்று ஒரு சொல் வரவில்லை. ஆபீஸ் வந்த பிறகு பழைய ஆளுக்குப் போன் போட்டார். கடைசிச் சம்பளக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள அவர் சம்மதித்தார், எழுதியும் கொடுத்தார். அது அவர்கள் இருவருக்கும் உள்ள விவகாரம், கல்லிடைக்குறிச்சியில் பேச வேண்டியதில்லை.

6,600, 4,800, 13,000, கூட்டினால் 24,400. வித்தியாசம் ஒரு பைசா மிச்சமில்லாமல் தீர்ந்தது. எப்போதும் இப்படித் தீராது; இரண்டாயிரம் மூவாயிரம் யாருக்கும் நினைவில்லாமல் தொங்கும். அதை அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். முடிந்த பாக்கியை இரண்டு காப்பியில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: கடனைக் கேட்டு வழக்குப் போடும் மூன்று வருடக் கெடு, கெடு தாண்டுமுன் வாங்கிய கையெழுத்திட்ட ஒப்புதலின் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

இப்படிக் கழித்துக்கொள்ள ஒத்துக்கொண்ட தொகைக்கான கிரெடிட் நோட்டைத் தள்ளிப் போடக்கூடாது என்பதற்கு ஒரு கணக்குக் காரணம் இருக்கிறது. ஜிஎஸ்டியோடு கழிக்கிற கிரெடிட் நோட்டை, பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் காட்டியாக வேண்டும். பிளாக் பில் பிப்ரவரியில் போட்டது, நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். மூன்று வாரம்தான் கையில் இருந்தது. தாண்டினால் அந்த வரி உங்கள் தலையில் நின்றுவிடும். வரியோடு கழிப்பதா, வரியில்லாமல் வெறும் தொகையை மட்டும் கழிப்பதா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பார்ட்டியிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன்னால்.

புதன்கிழமை என்று சொன்னதின் சூட்சுமம் இதுதான். முதலாளி காரில் ஏறியதுமே 4,800-ஐ விட்டுக்கொடுப்பதாக முடிவு செய்துவிட்டார். ஆனால் அதை அவர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை தம்பி தனியாகப் போய், மூன்று இனத்துக்கும் வரவு வைத்த காகிதங்களை அண்ணாச்சி கையில் கொடுத்தான். "பேசி வாங்கிட்டியே தம்பி" என்று அவர் சிரித்தாராம். பழைய ஆள் ஏழு வருடத்தில் சேர்த்துவைத்த செல்வாக்கை நீங்கள் வாயால் புது ஆளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. இப்படி ஒரு காரியம் அவன் கையால் முடிந்தது என்று பார்ட்டி பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். கெட்ட செய்தி என்றால் நீங்கள் சொல்லுங்கள், நல்ல செய்தியை அவன் கொண்டுபோகட்டும்.

அப்புறம், எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவனுக்கு என்ன அதிகாரம் என்று பார்ட்டி காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். இரண்டாயிரம் ரூபாய் வரை குறை என்றால் தம்பியே முடித்துவிடுவான், டெலிவரி தேதியை அவனே மாற்றிக்கொடுப்பான், விலையும் கடன் நாளும் மட்டும் என்னிடம் வரும், இந்த மாதிரி. சொல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சொன்னாலும் கூப்பிடத்தான் செய்வார்கள். இங்கேதான் முதலாளிகள் கோட்டை விடுகிறார்கள். பார்ட்டி போன் போட்டதும், பழகிய குரலாயிற்றே என்று நீங்களே ஆர்டரை எழுதி, நீங்களே பெட்டி அனுப்பி, தம்பிக்குச் சாயங்காலம் தகவல் சொல்வீர்கள். இரண்டு மாதம் இப்படிப் போனால் தம்பி வெறும் லெட்டர் கொண்டுபோகிற ஆள். அந்த அப்பளக் கம்பெனியிலிருந்து முதலாளிக்கு முதல் போன் வந்தபோது அவர் செய்தது: நலம் விசாரித்தார், விஷயத்தைக் கேட்டார், "பத்து நிமிசத்துல தம்பி கூப்பிடுவான் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டார். தம்பி ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டான், விஷயம் தெரிந்த குரலில். பார்ட்டி இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தால் இது பலிக்காது.

போன் நம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆள் தன் சொந்த நம்பரில்தான் பேசியிருப்பார், பெட்டி டிசைன், அளவு, விலை எல்லாம் அந்த வாட்ஸ்அப்பில்தான் கிடக்கும். அது இனி கிடைக்காது. பார்ட்டிகளிடம் அவர்கள் போனில் இருப்பதை ஃபார்வர்ட் செய்யச் சொல்லி வாங்குங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். புதுத் தம்பிக்குக் கம்பெனிப் பெயரில் சிம் வாங்கிக் கொடுங்கள். அடுத்த தடவை ஆள் மாறினாலும் நம்பர் மாறாது.

எல்லாம் செய்தும் சிலர் பழைய ஆள் பின்னால் தூத்துக்குடிக்குப் போவார்கள். 42-இல் இரண்டு மூன்று போனால் ஆச்சரியப்படாதீர்கள். போகப்போகிறவர் வாயால் சொல்ல மாட்டார். ஆர்டர் ஆயிரத்திலிருந்து நானூறாகும், விலை கேட்காமல் சாம்பிள் மட்டும் கேட்பார், பிரிண்டிங் பிளாக் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பார். எனக்கு எப்போதும் சந்தேகம் வருவது இன்னொன்றில்: வருடக்கணக்கில் இழுத்து இழுத்துக் கொடுத்தவர் திடீரென்று பழைய பாக்கி முழுவதையும் ஒரே அடியாகத் தீர்த்துவிடுவார். பணம் வந்ததே என்று ஆபீஸில் சந்தோஷப்படுவார்கள். அன்றைக்கே வண்டியை எடுங்கள். "அண்ணாச்சி, வேற யாராவது விலை கொடுத்திருக்காங்களா?" என்று நேராகக் கேளுங்கள். விலை என்றால் பேசலாம். பழைய ஆளின் முகத்துக்காக என்றால் விட்டுவிடுங்கள், பிளாக்குக்கு அவர் காசு கொடுத்திருந்தால் அது அவருடையது, சுற்றி வைத்துத் தம்பி கையாலேயே கொடுத்தனுப்புங்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் அடுத்த சாரலில் திரும்பி வந்தால் தம்பியைத்தான் கேட்டு வருவார்.

அறிமுகம் முடிந்ததா என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான். கல்லிடைக்குறிச்சிக்குப் போய் ஐந்தாறு வாரம் இருக்கும், ஒரு நாள் காலையில் அந்த விருதுநகர்த் தம்பிக்குப் போன் வந்தது. பெட்டியில் அடித்திருந்த கம்பிப் பின் சரியாக மடங்காமல், அடுக்குகிற பெண் ஒருத்திக்கு விரலில் கிழித்துவிட்டது என்று அண்ணாச்சி பிடிபிடியென்று பிடித்துவிட்டார். தம்பி முகம் வாடி முதலாளியிடம் வந்து சொன்னான். "எனக்கு ஒரு போன்கூட வரலியே" என்று முதலாளி தன் செல்லை எடுத்துப் பார்த்தார். அப்புறம் பின் அடிக்கிற மெஷினைப் பார்க்க ஆள் அனுப்பினார்.